பதிவாகாத விற்பனை ஒப்பந்தம்: பகுதி நிறைவேற்றமும் வழக்கு நிலுவை விதியும் (நெட்டப்பாக்கம்)

நிலம் வாங்குபவர் முன்பணம் கொடுத்து, சுவாதீனமும் பெற்ற பின் விற்பவர் கிரையம் செய்து தர மறுக்கும்போது இரண்டு விதிகள் எழுகின்றன. இரண்டும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் உள்ளவை. பிரிவு 53ஏ கூறும் பகுதி நிறைவேற்றம், வாங்குபவரின் சுவாதீனத்தைக் காக்கிறது. பிரிவு 52 கூறும் வழக்கு நிலுவை விதி, வழக்கின் நடுவே நடக்கும் விற்பனையைத் தீர்ப்புக்குக் கட்டுப்படுத்துகிறது.

நெட்டப்பாக்கத்தில் பொருந்தும் சட்டம்

நெட்டப்பாக்கம் புதுச்சேரியின் கிராமப்புறக் கொம்யூன்களில் ஒன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இப்பகுதிக்கு இந்தியச் சட்டங்கள் பல 1968-ஆம் ஆண்டின் நீட்டிப்புச் சட்டத்தால் வந்தன. தமிழ்நாடு 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, விற்பனை ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. அத்திருத்தம் எல்லைக்கு அப்பால் உள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே உரியது, புதுச்சேரிக்குப் பொருந்தாது. ஆனால், சுவாதீனம் கொடுத்த ஒப்பந்தத்தைப் பிரிவு 53ஏ-இன் பயனுக்காகப் பதிய வேண்டும் என்ற மத்தியத் திருத்தம் 24.9.2001 முதல் இரு பக்கமும் பொருந்தும்.

பகுதி நிறைவேற்றம்

இப்பாதுகாப்பைப் பெற, விற்பவர் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அதன்படி வாங்குபவர் சுவாதீனம் பெற்றிருக்க வேண்டும்; ஒப்பந்தத்தை முன்னிட்டு ஏதேனும் செய்திருக்க வேண்டும்; தன் பங்கை முடித்திருக்க வேண்டும் அல்லது முடிக்கத் தயாராக இருக்க வேண்டும். இவை இருந்தால் விற்பவர் அவரை வெளியேற்ற முடியாது. இது கேடயம் மட்டுமே. இதைக் காட்டி உரிமை கோர முடியாது. விலை கொடுத்து, ஒப்பந்தத்தை அறியாமல் வாங்கிய மூன்றாம் நபருக்கு எதிராகவும் இது செல்லாது.

2001-க்குப் பிந்தைய ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் இந்தக் கேடயம் கிடையாது. எனினும் காகிதம் வீணாகிவிடுவதில்லை. பதிவுச் சட்டத்தின் பிரிவு 49-இன் காப்புவாசகப்படி, ‘ஏற்றதை ஆற்றுதல்’ கோரும் வழக்கில் அதை ஒப்பந்தத்துக்குச் சான்றாக ஏற்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற அமீர் மின்ஹாஜ் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் இந்த இரு பயன்களையும் தெளிவாகப் பிரித்தது. தமிழ்நாட்டுத் திருத்தம் வந்த பின்னும் நிலை இதுவே என ஹேமலதா வழக்கில் (2023) கூறியது.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காகப் புனைந்தது. நெட்டப்பாக்கத்தில் 20 ஆர் நிலத்துக்கு 12 லட்சம் ரூபாய் பேசி, 2021 ஜனவரியில் பதிவில்லாத ஒப்பந்தம் எழுதுகிறார்கள். வாங்குபவர் 8 லட்சம் கொடுத்து, நிலத்தை ஏற்று, ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரும்பு நடுகிறார். மீதியை ஜூன் 30-க்குள் பெற்றுக் கிரையம் செய்ய வேண்டிய விற்பவர் வரவில்லை. செப்டம்பர் 2 அன்று வாங்குபவர் பிராது தாக்கல் செய்கிறார். செப்டம்பர் 20 அன்று விற்பவர் அதே நிலத்தை வேறொருவருக்குப் பதிவுப் பத்திரத்தால் விற்கிறார்.

இரண்டாவது விற்பனை செல்லாததாகிவிடாது; ஆனால் தீர்ப்புக்கு அடங்கியது. வழக்கு இருப்பது தெரியாது என்று இரண்டாவதாக வாங்கியவர் சொன்னாலும் பயனில்லை. பிராது தாக்கலான நாளிலிருந்து, தீர்ப்பாணை முழுமையாக நிறைவேறும்வரை பிரிவு 52 நீடிக்கிறது. தாம்சன் பிரஸ் வழக்கின்படி (2013) அவரை வழக்கில் சேர்க்கலாம். வாதி வென்றால் அவரும் கிரையத்தில் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும்.

அந்த விற்பனை ஆகஸ்டில் நடந்திருந்தால் நிலை வேறு. பிரிவு 52 வராது. புதியவர் நல்லெண்ணத்தோடு, ஒப்பந்தத்தை அறியாமல் வாங்கினாரா என்பதே கேள்வி. அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நிலத்தில் வேறொருவர் சுவாதீனத்தில் இருப்பதே அவருடைய உரிமையை அறிவிக்கும் தகவல் என்று சட்டத்தின் பிரிவு 3 கொள்கிறது. நிற்கும் கரும்பு இங்கே சாட்சியாகும்.

தவறும் இடங்கள்

முன்பணத்தை மட்டும் திரும்பக் கேட்டு, நிலத்தின் மீது பொறுப்புரிமை கோராத வழக்குக்குப் பிரிவு 52 பொருந்தாது. நிலத்தின் உரிமை அதில் நேரடியாகப் பிரச்சினையாவதில்லை. வெறும் தடையாணை வழக்கு மட்டும் போட்டுவிட்டு, பிறகு ஏற்றதை ஆற்றக் கோரி வந்தவரின் இரண்டாம் வழக்கை உச்ச நீதிமன்றம் விர்கோ இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (2012) தடுத்தது. ஒப்பந்தத்தில் குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். மீதித் தொகை தரத் தயாராக இருந்ததையும் காட்ட வேண்டும்.

வாங்க வருபவர் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பக் கூடாது. பதிவாகாத ஒப்பந்தம் அதில் வராது. நிலுவை வழக்கும் பொதுவாக வராது. நிலத்தில் யார் உழுகிறார் என்று போய்ப் பார்ப்பதும், நீதிமன்றத்தில் விசாரிப்பதுமே வழி. பதியாமல் சுவாதீனம் வாங்கியவருக்கோ, பிராது தாக்கலாகும் நாள்தான் முதல் வேலி.