டேப்பை வெட்டாமல் வெட்டிய கதை

1966 டிசம்பர். லண்டனின் ஈஎம்ஐ ஸ்டூடியோவில் பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. ஒன்று மெதுவானது. இன்னொன்று வேகமானது, சுருதியும் வேறு. முதலாவதன் தொடக்கத்தையும் இரண்டாவதன் மீதியையும் சேர்த்துவிடுங்கள் என்றார் ஜான் லெனன், ஏதோ துணி தைப்பது போல! தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் விழித்தார்.

அதிர்ஷ்டம் கைகொடுத்தது. டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். வேகமான பதிவுதான் சுருதி கூடியதாகவும் இருந்ததால், ஓட்டத்தைச் சரிசெய்ததும் இரண்டும் ஏறக்குறைய பொருந்தின. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் டேப்பை வெட்டி ஒட்டினார். பாட்டின் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. அன்று கை தவறியிருந்தால்?

அந்த பயம் எப்போதும் இருந்தது. அப்போது நான்கு டிராக்தான். நான்கும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து வேறொரு டேப்பின் ஒரே டிராக்கில் ஏற்றி, புதிய வாத்தியங்களுக்கு இடம் பண்ணுவார்கள். கலந்ததில் டிரம்ஸ் ஓசை குறைந்திருந்தால், அதை மட்டும் தனியாகத் தூக்கிவிட முடியாது. பின்னாளில் டிராக்குகள் 24 ஆயின. வெட்டியதை வெட்டாததாக்கும் வித்தை மட்டும் யாருக்கும் வரவில்லை.

அது வந்தது டிரம்ஸ் பெட்டி வழியாக! கலிபோர்னியாவில் பீட்டர் காட்சர், இவான் புரூக்ஸ் என்ற இரு நண்பர்கள், 'டிரம்யுலேட்டர்' என்ற மின்னணு டிரம்ஸ் கருவிக்கு மாற்று ஒலிகள் அடங்கிய சிப்புகளை விற்றார்கள். ஒலிகளைச் செதுக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. 1985இல் வந்த அவர்களது 'சவுண்ட் டிசைனர்', மெக்கின்டோஷ் திரையில் ஒலியை அலையாக வரைந்து காட்டியது. கண்ணால் பார்த்து வெட்டலாம். ஆனால் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கே 10 மெகாபைட் வேண்டும். முழுப் பாட்டு எங்கே அடங்கும்?

ஹார்ட் டிஸ்க் வளர வளர வழி பிறந்தது. 1991இல் அவர்களது டிஜிடிசைன் நிறுவனம் நான்கே டிராக்குகளோடு ஒரு கருவியை வெளியிட்டது. அதுதான் இன்று ஸ்டூடியோதோறும் இருக்கும் புரோ டூல்ஸ். அது ஒலிக்கோப்பை வெட்டுவதே இல்லை. எங்கிருந்து எங்கே வரை ஒலிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வதோடு சரி. பிடிக்காவிட்டால் குறிப்பை அழித்தால் போதும், பழையது அப்படியே இருக்கும்.

பயம் போனது. கூடவே வேறொன்றும் போனது. டிரம்மர் பாட்டின் உச்சத்தில் இயல்பாகக் கொஞ்சம் முந்துவார். அந்த அடிகளை எல்லாம் திரையில் இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தினார்கள். தாளம் சுத்தமானது, ஆனால் அந்தத் துடிப்பு தொலைந்தது. எதையும் பிறகு மாற்றலாம் என்பதால் முடிவெடுப்பதும் கடைசிவரை தள்ளிப்போனது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது.

ஃபூ ஃபைட்டர்ஸ் இசைக்குழுவின் டேவ் குரோலுக்கும் இது பொறுக்கவில்லை போலும். 2011இல் வெளியான 'வேஸ்டிங் லைட்' ஆல்பத்தைத் தன் வீட்டு கராஜில், டேப்பிலேயே பதிவு செய்தார். தயாரிப்பாளர் புட்ச் விக் மறுபடி பிளேடைக் கையில் எடுத்தார். ஆல்பம் முடிந்ததும் அந்த மூல டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, முதலில் வந்த சிடிகளோடு ரசிகர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.