முன்கற்றல் அங்கீகாரம்

முறையான பயிற்சி பெறாமல் வேலைத்தளத்திலேயே தொழில் பழகியவரின் திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறை. இலங்கையில் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமை (என்.வி.க்யூ) சட்டகத்தின்கீழ், பயிற்சி நெறிக்குச் செல்லாமலே தகைமை பெற இது வழிசெய்கிறது. விண்ணப்பதாரர் வேலைவழங்குநரின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் முதலிய சான்றுகளைத் தொகுத்துக் கொடுப்பார். மதிப்பீட்டாளர் அவற்றைப் பார்த்தபின் செய்முறையில் சோதிப்பார். மேசன் ஒருவர் சுவர் கட்டிக் காட்டும்போது தூக்குக்குண்டுக்கு அது நேராக நிற்கிறதா, மூட்டுகள் ஒரே அளவா என்று பார்க்கப்படும். கை தேர்ந்தவர்களும் வரைபடம் வாசிப்பதிலும் அளவுக் கணக்கிலும் தடுமாறக்கூடும். எல்லா அலகுகளிலும் தேறினால் மட்டுமே முழுச் சான்றிதழ்; சிலவற்றில் மட்டும் தேறியவருக்கு அடைவுப் பதிவு வழங்கப்படும்.