கட்டானாவின் களிமண் தோய்ச்சல்

களிமண் தோய்ச்சல் என்பது சப்பானிய வாளான கட்டானாவின் மீது களிமண் பூசி, அதைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தும் முறையாகும். சப்பானிய மொழியில் மண் பூசுதல் 'சுச்சியோக்கி' என்றும், நீரில் தோய்த்தல் 'யாக்கி-இரே' என்றும் அழைக்கப்படுகின்றன. வாளின் விளிம்பு கடினமாவதும், முதுகு வளைந்து கொடுக்கும் தன்மையுடன் இருப்பதும், வாள் வளைவு பெறுவதும் இந்த ஒரே நிகழ்வில் நடக்கின்றன.

மண் பூசுதல்

களிமண், கரித்தூள், அரைத்த சாணைக்கல் தூள் ஆகியவற்றை நீரில் குழைத்துப் பூச்சு தயாரிக்கப்படுகிறது. கரித்தூளும் கல்தூளும் மண் வெடித்து உதிராமல் காக்கின்றன. முதுகிலும் பக்கங்களிலும் தடிப்பாகவும், விளிம்பில் மிக மெல்லியதாகவும் இது பூசப்படும். விளிம்பின் குறுக்கே மெல்லிய மண் கோடுகளும் இடப்படுவதுண்டு. அக்கோடுகளின் அடியில் உருவாகும் மென்மையான பட்டைகள், விளிம்பில் ஏற்படும் உடைப்பு பெரிதாகப் பரவாமல் தடுக்கின்றன.

விளிம்பில் உள்ள மெல்லிய பூச்சு குளிர்வைத் தாமதப்படுத்துவதில்லை. வெற்று இரும்பை நீரில் இட்டால் அதைச் சுற்றி நீராவிப் படலம் சூழ்ந்து, நீர் இரும்பைத் தொடவிடாமல் தடுக்கும். சொரசொரப்பான மெல்லிய மண் அப்படலத்தை விரைவில் கலைத்துவிடுவதால் விளிம்பு இன்னும் வேகமாகக் குளிர்கிறது. தடித்த மண்ணோ முதுகின் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

விளிம்பு கடினமாதல்

விளிம்புப் பகுதி உருக்கில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 விழுக்காடு கரிமம் இருக்கும். கொல்லர் இருட்டிய பட்டறையில் இரும்பின் நிறத்தைக் கண்ணால் கணித்து, சுமார் 750 முதல் 800 பாகை செல்சியசு வரை சூடாக்குகிறார். இவ்வெப்பத்தில் கரிமம் இரும்பில் கரைந்திருக்கும். நீரில் இட்டவுடன் விளிம்பில் உள்ள கரிமம் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்வதால், மிகக் கடினமான 'மார்ட்டென்சைட்டு' உருவாகிறது. மெதுவாகக் குளிரும் முதுகில் மென்மையான 'பேர்லைட்டு' உருவாகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையே, மெருகூட்டிய பின் வாளில் தெரியும் 'ஹமொன்' என்னும் அலைக்கோடு.

வளைவு தோன்றும் விதம்

வளைவு ஒரே அசைவில் வருவதில்லை. முதலில் குளிரும் விளிம்பு சுருங்குவதால் வாளின் நுனி விளிம்புப் பக்கமாகத் தாழ்கிறது. விளிம்பின் வெப்பம் சுமார் 250 பாகைக்குக் கீழ் இறங்கும்போது மார்ட்டென்சைட்டு உருவாகத் தொடங்குகிறது. இது கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் விளிம்பு நீண்டு, நுனி முதுகுப் பக்கமாக உயர்கிறது. பிறகு முதுகில் பேர்லைட்டு உருவாகும்போது அதுவும் சிறிது விரிவதால் வாள் மீண்டும் சற்றுத் தாழ்கிறது. இறுதியில் முதுகு குளிர்ந்து சுருங்குகிறது. விளிம்பு அதற்குள் இறுகிவிட்டதால் சுருங்கும் முதுகு வாளைத் தன் பக்கம் இழுத்து நிலையான வளைவைத் தருகிறது. சப்பானியப் பொறியாளர் தத்சுவோ இனோவே 1990களில் செய்த கணினிப் பாவனையாக்கம் இந்த மாற்றங்களை விளக்கியது.

பொதுவாகக் கொல்லர் அடிக்கும்போதே சிறிதளவு வளைவு வைத்து, தோய்ச்சலில் கூடப்போகும் அளவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்கிறார். குறைந்துபோனால் முதுகைச் சூடான செப்புக் கட்டியில் வைத்துச் சரிசெய்வதும் உண்டு.

தோல்வி

விரியும் விளிம்புக்கும் சுருங்கும் முதுகுக்கும் இடையிலான இழுபறி அளவு மீறினால் விளிம்பு வெடிக்கும். விளிம்புக்குக் குறுக்காக ஓடும் இவ்வெடிப்பு 'ஹகிரே' எனப்படுகிறது. இதைச் சரிசெய்ய வழியில்லை. மயிரிழை போன்ற வெடிப்பு மெருகூட்டும்போதுதான் கண்ணில் படுவதும் உண்டு. பல நாள் உழைப்பு இவ்வாறு சில நொடிகளில் வீணாகலாம். தப்பிய வாளை மீண்டும் 150 முதல் 200 பாகை வரை மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பர்.

வரலாறு

சப்பானில் வளைந்த வாள்கள் பரவுவதற்கு முன்பிருந்த நேர் வாள்களிலும் கடினப்படுத்திய விளிம்பைக் காணலாம். ஆகவே மண் பூச்சு மட்டுமே வளைந்த வாளைத் தோற்றுவித்தது எனக் கூற முடியாது. குதிரை மீதிருந்து வெட்டும் தேவையும் வளைவை விரும்பச் செய்தது. ஹெயன் காலத்தின் இடைப்பகுதிக்குப் பின் வளைந்த வாள் நிலைபெற்றது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, யசுத்சுனா செய்த 'தோஜிகிரி' வாள் இத்தகைய பழைய வாள்களுள் ஒன்று. சுமார் 80 செ.மீ. நீளமுள்ள அதன் வளைவு ஏறத்தாழ 2.7 செ.மீ. ஆகும். 1876-ஆம் ஆண்டு வாள் அணியத் தடை வந்தபோது இத்தொழில் நலிந்தது. 1977-இல் மரபுவழி உருக்கு உலை மீண்டும் இயக்கப்பட்டதால் இன்றும் கொல்லர்களுக்கு உருக்கு கிடைக்கிறது.

தென்னிந்திய உருக்குடன் ஒப்பீடு

ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் பண்டைய இரும்பு, உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவில் புகழ்பெற்ற 'ஊட்ஸ்' உருக்கிலும் களிமண்ணுக்கு இடமுண்டு. ஆனால் அங்கு அது வாளின் மேல் பூச்சாக அன்றி, இரும்பையும் கரிப்பொருளையும் அடைத்து உருக்கும் மூசையாகப் பயன்பட்டது. ஊட்ஸ் வாளின் மேற்பரப்புக் கோலம் உருக்கின் உள்ளே வரிசையாக அமைந்த கடினத் துகள்களால் வருவது. கட்டானாவின் அலைக்கோடோ நீரில் தோய்த்த அந்தச் சில நொடிகளில் உருவாவது.