உழைப்பு முதலாகும்போது: எல்எல்பி ஒப்பந்தமும் விலகல் கணக்கும்

இந்தியாவின் 2008ஆம் ஆண்டு எல்எல்பி சட்டத்தின் 32ஆம் பிரிவு, பணத்தையும் சொத்தையும் போலவே, இனிச் செய்யவிருக்கும் பணிக்கான ஒப்பந்தத்தையும் கூட்டாளியின் முதலாக ஏற்கிறது. விலகுபவருக்குச் சேர வேண்டியதை 24(5) வரையறுக்கிறது: அவர் உண்மையில் செலுத்திய முதலும், திரண்ட நட்டம் போக எஞ்சும் இலாபத்தில் அவருக்குள்ள பங்கும். கூட்டாளிகளின் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் அதுவே செல்லும். செய்து முடியாத பணியில் ‘உண்மையில் செலுத்தியது’ எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. முதல், இலாபம், விலகல் மூன்றையும் தனித்தனி விதிகளாக எழுதும் வழக்கம் இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ‘அ’ 20 லட்சம் ரூபாய் ரொக்கம் தருகிறார். ‘ஆ’ ஐந்தாண்டுத் தொழில்நுட்பப் பணியைத் தர ஒப்புகிறார்; அதன் மதிப்பு 10 லட்சம். இலாபப் பங்கு 60:40. விலகலைப் பற்றி ஒப்பந்தத்தில் ஏதுமில்லை. ஆகவே, இரண்டாம் ஆண்டின் முடிவில் ‘ஆ’ 30 நாள் அறிவிப்புத் தந்து விலகுகிறார். அப்போது நட்டம் போகத் திரண்ட இலாபம் 15 லட்சம். அதில் அவர் பங்கு 6 லட்சம். செய்த பணிதான் முதல் என்றால் அவருக்கு மேலும் 4 லட்சம், ஆக மொத்தம் 10 லட்சம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே முழு முதலும் வந்துவிட்டது என்றால் மொத்தம் 16 லட்சம்.

இரண்டாம் வாசிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. பணியைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. விலகினாலும் பழைய கடப்பாடு தீராது என்கிறது 24(4). ஆனால் ஒருவரின் தனித்திறனைச் சார்ந்த பணியைச் செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. மிஞ்சுவது இழப்பீட்டுக் கோரிக்கை மட்டுமே. 16 லட்சத்தைக் கொடுத்துவிட்டு 6 லட்சத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடும் நிலை நிறுவனத்துக்கு ஏற்படும். எனவே முதல் வாசிப்பே வலுவானது. ஆயினும் அதை வாதத்துக்கு விடாமல், ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் முதல் வரவாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

விலகும் நாளும் கணக்கைச் சார்ந்ததே. இருவரும் நியமிக்கப்பட்ட கூட்டாளிகளாக இருந்தால், ‘ஆ’ போன இடத்தை 30 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அவர் போனது தெரிந்தே ‘அ’ ஆறு மாதத்துக்கு மேல் தனியாகத் தொழில் நடத்தினால், அந்தக் காலத்தில் ஏற்படும் கடன்களுக்குத் தாமே பொறுப்பாவார். ‘ஆ’வுக்கும் ஆபத்து உண்டு: பதிவாளருக்கு அறிவிப்புச் சேரும்வரை, விலகலை அறியாத வெளியாருக்கு அவர் கூட்டாளியாகவே தோன்றுவார். ஆகவே பணம் தரும் நாள், புதியவர் சேரும் நாள், படிவம் 4 தாக்கலாகும் நாள் ஆகிய மூன்றையும் விலகல் விதி ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். அந்த விதியை முதலில் எழுதினால், முதலையும் இலாபத்தையும் பற்றிய விதிகளில் எது விடுபட்டிருக்கிறது என்பது தானே புலப்படும்.