உந்தமும் ஆடமும்: சரிவிறக்க முறை வளர்ந்த வரலாறு

சரிவிறக்கம் என்பது ஒரு சார்பின் மதிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அதன் தாழ்வான இடத்தை அடைய உதவும் கணக்கீட்டு முறை. கணினி உலகில் கிரேடியன்ட் டிசென்ட் என்ற பெயரே பெருவழக்கு. நரம்பியல் வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கும்போது, வலையமைப்பு செய்யும் பிழையின் அளவே அந்தச் சார்பு. வலையமைப்பில் உள்ள எடைகள் எனப்படும் எண்களை மாற்றி மாற்றி அந்தப் பிழையைக் குறைக்கிறார்கள். இம்முறையின் குறைகளைத் தீர்க்க வந்தவற்றுள் உந்தமும் ஆடமும் அதிகம் பயன்படுபவை. இரண்டும் நினைவை நம்பியவை. கடந்துவந்த சரிவுகளில் எதை நினைவில் வைப்பது, எவ்வளவு விரைவில் மறப்பது என்ற கேள்வியே இவற்றின் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

தொடக்கம்

1847ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் அகுஸ்டின் லூயி கோஷி இம்முறையைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். விண்பொருள்களின் பாதையைக் கணக்கிடும்போது எழும் சமன்பாடுகளைத் தீர்ப்பதே அவருடைய நோக்கம். நிற்கும் இடத்தில் தரை எந்தப் பக்கம் மிகச் செங்குத்தாக இறங்குகிறதோ, அந்தப் பக்கம் ஓர் அடி வைக்க வேண்டும். அங்கிருந்து மறுபடியும் சரிவைப் பார்த்து அடுத்த அடி வைக்க வேண்டும். சரிவு அதிகமாக இருந்தால் அடி நீளும், குறைந்தால் சுருங்கும். சரிவை எந்த எண்ணால் பெருக்கி அடியின் நீளத்தைப் பெறுவது என்பதை மட்டும் கணக்கிடுபவர் முடிவு செய்ய வேண்டும். இன்று இந்த எண் கற்றல் வீதம் எனப்படுகிறது.

தொல்லை முழுவதும் இந்த ஒரே எண்ணில்தான். நீளமான, குறுகிய ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் நீளவாக்கில் சரிவு மிக மெதுவானது: அடிமட்டப் புள்ளியிலிருந்து 10 அலகு தள்ளி நின்றால் சரிவும் 10. குறுக்குவாக்கில் அது நூறு மடங்கு செங்குத்தானது: 1 அலகு தள்ளி நின்றாலே சரிவு 100. நீளவாக்கில் 10, குறுக்குவாக்கில் 1 என்ற இடத்திலிருந்து இறங்கத் தொடங்குவதாகக் கொள்வோம்.

கற்றல் வீதம் 0.01 என்றால், குறுக்குவாக்குத் தூரம் முதல் அடியிலேயே தீர்ந்துவிடும். நீளவாக்கிலோ ஒவ்வோர் அடியும் மீதித் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே குறைக்கும். 10 என்பது 9.9 ஆகும், பிறகு 9.801 ஆகும். இப்படியே 0.1க்கு வந்து சேர 459 அடிகள் வேண்டும். வீதத்தைக் கூட்டி விரைவாகப் போகலாம் என்றால் குறுக்குவாக்கு இடம் கொடுக்காது. வீதம் 0.021 ஆனதும் பள்ளத்தாக்கின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவல் தொடங்குகிறது. ஒவ்வொரு தாவலிலும் தூரம் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. பயிற்சி நடக்கும்போது பிழை குறையாமல் துள்ளித் துள்ளி ஏறினால், இது நடக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். செங்குத்தான திசையே எல்லாத் திசைகளுக்கும் வேகத்தை விதிப்பதுதான் எளிய சரிவிறக்கத்தின் அடிப்படைக் குறை.

கனத்த பந்து

இதற்குத் தெளிவான முதல் தீர்வு 1964இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தது. கணிதவியலாளர் பொரிஸ் பொல்யாக், சரிவில் இறங்கும் புள்ளியை எடையற்ற ஒன்றாகப் பார்க்காமல் கனத்த பந்தாகப் பார்த்தார். பந்து தன் முந்தைய வேகத்தை உடனே மறப்பதில்லை. அந்தப் புள்ளியில் உள்ள சரிவு அதன் வேகத்தைத் திருத்துகிறது, வேகம் அதை நகர்த்துகிறது. பள்ளி இயற்பியலில் படிக்கும் உந்தம் என்ற சொல் இம்முறைக்குப் பெயரானது இந்த ஒப்புமையால்தான்.

எழுதிப் பார்த்தால் இரண்டே வரிகள். கீழே `g` என்பது அந்த இடத்தின் சரிவு, `u` என்பது வேகம், `step` என்பது கற்றல் வீதம்.

```
u = 0.9 * u + g
x = x - step * u
```

0.9 என்பது நினைவின் அளவு. சரிவு ஒரே திசையில் ஒரே அளவில் நீடித்தால், வேகம் கூடிக்கொண்டே போய் அந்தச் சரிவின் பத்து மடங்கில் நிற்கும். சரிவு மாறி மாறி எதிர்த்திசைகளைக் காட்டினால், பழையதும் புதியதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பள்ளத்தாக்குக்கு வேண்டியது இதுதான்: நீளவாக்கில் வேகம் சேர வேண்டும், குறுக்குவாக்கில் துள்ளல் அடங்க வேண்டும்.

அதே பள்ளத்தாக்கில், அதே 0.01 வீதத்தில் பந்தை உருட்டினால், சுமார் 24ஆம் அடியில் அது நீளவாக்கின் அடிமட்டத்தை அடைந்துவிடும். உந்தமில்லாத முறை அப்போது 7.9 அலகு தொலைவில்தான் இருக்கும். ஆனால் பந்து அங்கே நிற்பதில்லை. சேர்த்த வேகத்தில் எதிர்ப்பக்கம் சுமார் 1.5 அலகு வரை ஏறி, திரும்பி வந்து, ஆடி ஆடி அடங்கும். அந்த ஆட்டமும் சேர்த்து, 0.1 தூரத்துக்குள் நிலையாக அடங்க ஏறக்குறைய 90 அடிகள் ஆகும். 459 எங்கே, 90 எங்கே! குறுக்குவாக்கில் இம்முறை சற்று மோசமாகக்கூட நடந்துகொள்கிறது. முதல் அடியிலேயே தீர்ந்திருந்த தூரம், மிஞ்சிய வேகத்தால் இரண்டாம் அடியில் எதிர்ப்பக்கம் 0.9 ஆகிறது. அதுவும் அடங்கிவிடும் என்பதால் மொத்தக் கணக்கில் இழப்பில்லை.

பொல்யாக் காட்டியதன் சாரம் இது: இத்தகைய கிண்ண வடிவச் சார்புகளில், எண்களைச் சரியாகத் தேர்ந்தால், தேவைப்படும் அடிகள் செங்குத்து விகிதத்துக்கு ஏற்பக் கூடாமல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். விகிதம் 100 என்றால் சுமை 10 அளவில் நிற்கும், 10,000 என்றால் 100 அளவில். 1983இல் யூரி நெஸ்டெரொவ், சார்பு கிண்ணம்போலக் குவிந்திருக்கும் பொதுநிலைக்கும் உறுதி தரும் வேறொரு வடிவத்தைக் கொடுத்தார்.

நரம்பியல் வலையமைப்புகளுக்குள் உந்தம் புகுந்தது 1986இல். டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்டு வில்லியம்ஸ் ஆகியோர் நேச்சர் இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பிழையைப் பின்னோக்கிப் பரப்பும் முறைக்காகவே நினைவுகூரப்படுகிறது. பயிற்சியை விரைவுபடுத்தப் பழைய மாற்றத்தின் ஒரு பங்கைப் புதியதோடு சேர்க்கும் உத்தியும் அதே கட்டுரையில் இருக்கிறது.

எடைக்கு ஓர் அளவுகோல்

உந்தம் வந்த பிறகும் எல்லா எடைகளுக்கும் ஒரே கற்றல் வீதம்தான். மொழி சார்ந்த வேலைகளில் இது நன்றாக உறுத்தியது. ஒரு தமிழ் உரைத்தொகுப்பில் ‘என்று’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வரும், ‘கூழாங்கல்’ எப்போதாவது வரும். முதற்சொல்லுக்குரிய எடை ஆயிரம் முறை திருத்தப்படும்போது இரண்டாவதற்குரியது ஓரிரு முறையே திருத்தப்படும். அரிதாக வரும் திருத்தம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நியாயம்.

2011இல் ஜான் டூச்சி, எலாத் ஹசான், யோரம் சிங்கர் ஆகியோர் அடாகிராட் என்ற முறையில் இதைச் செய்தனர். ஒவ்வோர் எடைக்கும் அதுவரை வந்த சரிவுகளின் வர்க்கங்களைக் கூட்டிவைத்து, அதன் வர்க்கமூலத்தால் அடியை வகுத்தனர். அதிகம் திருத்தப்பட்ட எடையின் அடி சுருங்கும், அரிதானதன் அடி நீண்டிருக்கும். இம்முறை எதையும் மறப்பதில்லை என்பதே இதன் குறை. கூட்டுத்தொகை ஏறுமே தவிர இறங்காது. சரிவு ஒரே அளவில் இருந்தால் 10,000 அடிகளுக்குப் பிறகு அடியின் நீளம் முதல் அடியில் நூற்றில் ஒரு பங்கு. நீண்ட பயிற்சி பாதி வழியில் ஊர்ந்துபோகும்.

மறதியைச் சேர்த்தவர் ஹின்டன். கூட்டுத்தொகைக்குப் பதிலாக, பழையதைச் சிறிது சிறிதாகக் கைவிடும் சராசரி போதும் என்றார். ஆர்.எம்.எஸ்.பிராப் எனப்படும் இம்முறை ஆய்விதழில் வெளிவரவில்லை. 2012ஆம் ஆண்டின் இணையவழிப் பாடமொன்றில் காட்டப்பட்ட விளக்கப்படம்தான் அதன் மூலம். ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பாடத்தையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆடம்

2014 டிசம்பரில் டீடரிக் கிங்மா, ஜிம்மி பா இருவரும் இந்த இரண்டு நினைவுகளையும் ஒன்றாக்கினர். ஒன்று சரிவின் சராசரி, அதாவது உந்தம். மற்றொன்று சரிவின் வர்க்கத்தின் சராசரி, அதாவது ஒவ்வோர் எடைக்கும் உரிய அளவுகோல்.

```
m = 0.9 * m + 0.1 * g
v = 0.999 * v + 0.001 * g * g
x = x - step * m / sqrt(v)
```

முதல் நினைவு ஏறக்குறைய கடைசிப் பத்து அடிகளையும், இரண்டாவது கடைசி ஆயிரம் அடிகளையும் சுமக்கிறது. இரண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதால் ஒரு சிக்கல் உண்டு. முதல் அடியில் `m` உண்மைச் சரிவின் பத்தில் ஒரு பங்காகவும், `v` உண்மை வர்க்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகவும்தான் இருக்கும். அப்படியே வகுத்தால் அடி இருக்கவேண்டியதைவிட 3.16 மடங்கு நீண்டுவிடும். ஆகவே இரண்டையும் அவற்றுக்குரிய பங்கால் வகுத்துச் சரிசெய்கிறார்கள். வகுக்கும் எண் சுழியமாகிவிடாமல் இருக்க மிகச் சிறிய எண் ஒன்றும் அதனுடன் சேர்க்கப்படுகிறது. கட்டுரை பரிந்துரைத்த கற்றல் வீதம் 0.001.

பள்ளத்தாக்கில் இதன் விளைவு எளிது. நீளவாக்குச் சரிவு 10, குறுக்குவாக்குச் சரிவு 100. திருத்தத்துக்குப் பிறகு முதல் அடியில் சரிவு தன் அளவாலேயே வகுக்கப்படுவதால், இரண்டு திசைகளிலும் ஒரே நீள அடிதான் விழும். செங்குத்தான திசை மற்றதன் வேகத்தை விதிக்கும் நிலை அங்கே இல்லை. வீதத்தைத் தேடி அலையும் வேலை குறைந்ததே ஆடம் பரவியதற்கு முக்கியக் காரணம் எனலாம். இதற்கு விலையும் உண்டு. ஒவ்வோர் எடைக்கும் இரண்டு எண்களைக் கூடுதலாகச் சேமிக்க வேண்டும். எண்ணுக்கு 4 பைட் என்றால், நூறு கோடி எடைகள் கொண்ட வலையமைப்புக்கு 8 ஜிகாபைட் நினைவகம் இதற்கே போய்விடும்.

நிறுவலில் விரிசல்

கிங்மாவும் பாவும் தங்கள் முறை ஒருங்கும் என்பதற்கு ஒரு நிறுவலும் தந்திருந்தனர். 2018இல் சசாங்க் ரெட்டி, சத்யன் காலே, சஞ்சீவ் குமார் ஆகியோர் அதில் பிழை இருப்பதைக் காட்டினர். அவர்கள் தந்த எதிர்க்காட்டு காகிதத்தில் போட்டுப் பார்க்கும் அளவுக்கு எளிது. −1 முதல் +1 வரையுள்ள ஒரு கோட்டில் புள்ளி நகர்கிறது. மூன்று அடிகள் ஒரு சுற்று. ஓர் அடியில் 4 அளவுள்ள சரிவு −1 நோக்கித் தள்ளுகிறது, மற்ற இரண்டு அடிகளில் 1 அளவுள்ள சரிவு +1 நோக்கித் தள்ளுகிறது. நிகரத் தள்ளல் −1 நோக்கி 2. எனவே சரியான விடை −1.

நினைவு மிகக் குறுகியதாக இருக்கும்படி எண்களைத் தேர்ந்தால், ஆடம் பெரிய சரிவை அதன் பெரிய அளவாலேயே வகுத்து ஏறத்தாழ ஓர் அலகாகச் சுருக்குகிறது. பிறகு அந்தப் பெரிய சரிவை மறந்துவிடுகிறது. அடுத்து வரும் சிறிய சரிவுகள் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. இரண்டு சிறியவை சேர்ந்து ஒரு பெரியதை வென்றுவிட, புள்ளி +1இல், அதாவது மிக மோசமான விடையில், போய் நிற்கிறது. அரிதாக வந்து நிறையச் சொல்லும் சரிவை மறப்பதுதான் இங்கே கேடு. அடாகிராடை மெதுவாக்கியது மறதியின்மை, ஆடத்தைத் தவறவைத்தது மறதி. இம்மூவரும் முன்வைத்த ஆம்ஸ்கிராட், வர்க்கச் சராசரி அதுவரை தொட்ட மிக உயர்ந்த மதிப்பை மறக்காமல் வைத்துக்கொள்கிறது. நடைமுறையில் அது ஆடத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. உண்மையான பயிற்சிகளில் இவ்வளவு கொடுமையான சுற்று அரிது என்பது அதற்கொரு காரணமாக இருக்கலாம்.

பழைய உந்தமும் ஓய்ந்துவிடவில்லை. 2015இல் படங்களை வகைப்படுத்துவதில் பெயர்பெற்ற ரெஸ்நெட் வலையமைப்பு, 0.9 உந்தத்துடன் கூடிய சரிவிறக்கத்தாலேயே பயிற்றுவிக்கப்பட்டது. 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் வலையமைப்பு ஆடத்தைப் பயன்படுத்தியது. ஆனால் அதன் ஆசிரியர்கள் 0.999க்குப் பதிலாக 0.98 என்று வைத்து, இரண்டாம் நினைவை ஆயிரம் அடிகளிலிருந்து சுமார் ஐம்பது அடிகளாகக் குறுக்கிக்கொண்டனர்.