மேற்கோள் முடியும் இடம்

பழைய அரபு இதழ்க் கட்டுரையொன்றின் நிழற்படத்திலிருந்து சில வரிகளைத் தமிழாக்கி நம் உரைநடையினூடே எடுத்தாளும்போது, மேற்கோள் எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயம் எழுவதில்லை; எங்கே முடிகிறது என்பதிலேயே எழுகிறது. அரபு நடையில் ‘கால’ (கூறினார்) என்னும் சொல் முன்னே நின்று தொடக்கத்தை அறிவிக்கும். தமிழிலோ ‘என்று’ பின்னே நின்று முடிவை அறிவிக்கும். ஆகவே, மூலத்தில் எல்லை தெளிவாக இல்லாவிடினும், தமிழில் எழுதுவோர் எல்லையிட்டே ஆகவேண்டும்.

அரபு எழுத்துக்குரிய நிறுத்தக்குறிகளை முறைப்படுத்தி அஹ்மத் ஸகீ பாஷா தம் நூலைக் கெய்ரோவில் வெளியிட்டது 1912இல்தான். 1898இல் ரஷீத் ரிளா தொடங்கிய ‘அல்-மனார்’ போன்ற இதழ்களின் தொடக்க காலப் பக்கங்களில் இன்றைய மேற்கோள் குறிகளைச் சீராக எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதற்கும் முன்பே அறிஞர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிறர் கூற்று முடிந்ததும் ‘இன்தஹா’ (முடிந்தது) என எழுதுவர். அல்லது அதன் முதலெழுத்தையும் இறுதி ஒலியையும் சுட்டுவதுபோல் அலிஃப், ஹா என்னும் இரண்டெழுத்துகளை மட்டும் இடுவர்.

கட்டுரையாளர் ஒருவர் ‘ஃபத்ஹுல் பாரி’யிலிருந்து எடுத்துக்காட்டுவதாகக் கொள்வோம். இமாம் நவவீ (இறப்பு 1277) கூறியதை இப்னு ஹஜர் (இறப்பு 1449) தருகிறார். ‘இன்தஹா’ என முடிக்கிறார். ‘குல்து’ (நான் கூறுகிறேன்) எனத் தொடங்கி அதனை மறுக்கிறார். அதன்பின் அலிஃப், ஹா. அடுத்து வருவது கட்டுரையாளரின் சொந்தக் கருத்து. முதல் அடையாளத்தைத் தவறவிட்டால் நவவீயை மறுத்த சொற்கள் நவவீயின் வாயிலேயே புகும். இரண்டாவதைத் தவறவிட்டால், இருபதாம் நூற்றாண்டு இதழாசிரியரின் கருத்துக்கு ஹதீஸ் பேரறிஞரின் பெயர் கிடைத்துவிடும்.

நிழற்படம் இவ்விடரைப் பெருக்குகிறது. அரபு நூலை விரித்தால் வலப்பக்கத்தின் வரிமுடிவுகள் நடுத்தையலை ஒட்டி அமையும். அந்த மடிப்பின் நிழலில் இச்சிறு எழுத்துகள் எளிதில் மறைந்துபோகும். ‘குல்து’ வந்தும் அதற்குமுன் முடிவுக்குறி காணப்படவில்லையெனில், வரியின் ஓரத்தை மீண்டும் நோக்க வேண்டும். இயன்றால் மேற்கோளின் மூலநூலைத் திறந்து ஒப்பிட வேண்டும்.

தமிழில் எழுதும்போது இப்னு ஹஜரின் கூற்றை இரட்டைக்குறியிலும், அதனுள் நவவீயின் கூற்றை ஒற்றைக்குறியிலும் அமைக்கலாம். பழைய அச்சுகளில் பிறைக்குறி மூல வாசகத்தையோ இறைவசனத்தையோ சுட்டுவது உண்டு. எனவே நாம் சேர்க்கும் விளக்கத்தைச் சதுர அடைப்பில் இடுவதே பொருந்தும். நாமே விட்ட சொற்களுக்கு மூன்று புள்ளிகள் போதும்; படத்தில் படிக்க இயலாதவற்றைச் சதுர அடைப்பினுள் ‘தெளிவில்லை’ எனக் குறிக்க வேண்டும். முடிவெல்லை உறுதிப்படாதபோது மேற்கோள் குறியையே தவிர்த்து, கருத்தை நம் நடையில் சுருக்கித் தருவதே நேர்மையாகும். குறியிட்டுவிட்டால், அதற்குள் உள்ள ஒவ்வொரு சொல்லும் பெயர் சுட்டப்பட்டவரின் பொறுப்பாகிவிடுகிறது.