பணம் தராத வாடிக்கையாளர்... கடன் எப்போது வாராக்கடன் ஆகும்?

உட்லண்ட்ஸில் ஓர் உணவு விநியோக நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் ஒரு விருந்துக்குச் சாப்பாடு தந்தது. கட்டணம் 2,000 வெள்ளி, பொருள், சேவை வரி 9 விழுக்காடு. மொத்தம் 2,180 வெள்ளி.

வாடிக்கையாளர் பாதி கொடுத்தார். "மீதி அடுத்த வாரம் தர்றேன்" என்றார். ஓராண்டு ஓடிவிட்டது. 1,090 வெள்ளி வரவில்லை.

வராது என்று எப போது முடிவெடுப்பது?

தாமதம் மட்டும் போதாது. பணம் வராது என்பதற்கு ஆதாரம் வேண்டும். நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதில் இல்லை, வாடிக்கையாளரின் கடை மூடப்பட்டுவிட்டது, அவர் நொடித்துப்போனார்... இப்படி ஏதாவது ஒன்று. அனுப்பிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

வழக்குத் தொடரும் வாய்ப்பையும் முதலில் யோசிக்கலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

கணக்கில் எப்படி எழுதுவது?

பலர் செய்யும் தவறு: பழைய பில்லை அழித்துவிடுவது. விற்பனை உண்மையில் நடந்தது, பணம்தான் வரவில்லை. அதனால் விற்பனைக் கணக்கைத் தொடக்கூடாது.

1,090 வெள்ளியில் 90 வெள்ளி வரி. அதைப் பிரித்து எழுதலாம்:

- வாராக்கடன் செலவு: பற்று 1,000 வெள்ளி
- பொருள், சேவை வரி: பற்று 90 வெள்ளி
- வாடிக்கையாளர் கணக்கு: வரவு 1,090 வெள்ளி

இப்போது அந்த வாடிக்கையாளரின் பாக்கி ஏட்டில் பூஜ்யம்.

அந்த 90 வெள்ளி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கலாம். வரிக்குப் பதிவுசெய்த நிறுவனம் அதை ஏற்கெனவே உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கட்டியிருக்கும். திரும்பக் கோர முக்கிய நிபந்தனைகள்:

- கடனை மீட்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும்
- கணக்கில் வாராக்கடனாக எழுதியிருக்க வேண்டும்
- விநியோகித்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் அதற்குள் நொடித்துப்போயிருக்க வேண்டும்
- 5 ஆண்டுக்குள் கோர வேண்டும்

GST F5 படிவத்தின் 7ஆம் கட்டத்தில் தொகையைச் சேர்த்து, வாராக்கடன் நிவாரணம் பற்றிய 11ஆம் கட்டத்தையும் நிரப்ப வேண்டும்.

பாதிப் பணம் வந்திருப்பதால், முழு வரியான 180 வெள்ளியைக் கோர முடியாது என்பதைக் கவனிக்கவும்.

பிறகு பணம் வந்தால்?

ஏட்டிலிருந்து நீக்கினால் கடன் மன்னிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் இன்னும் கடன்பட்டவர்தான்.

அவர் பின்னர் 1,090 வெள்ளியையும் தந்துவிட்டால், 1,000 வெள்ளியை "மீட்கப்பட்ட வாராக்கடன்" என்று வருமானத்தில் எழுதுங்கள். திரும்பப் பெற்ற 90 வெள்ளியை ஆணையத்திடம் மறுபடி கட்ட வேண்டும்.